ஒரே வெட்டா, நகரும் சன்னலா?

பண்டாரவளையில் பங்கு வியாபாரம் பார்க்கும் என் மச்சானிடம் ஓர் உத்தி இருக்கிறது. குறுகிய கால விலைச் சராசரி நீண்ட காலச் சராசரியைத் தாண்டி ஏறினால் வாங்குவார், கீழே இறங்கினால் விற்பார். எத்தனை நாள் சராசரி என்பதைக் கொழும்புச் சந்தையின் 2012–2020 தரவில் பல குறுகிய–நீண்ட ஜோடிகளை ஓட்டிப் பார்த்து எடுத்தார். ஆனால் தேர்ந்தெடுத்த தரவிலேயே தெரியும் லாபம், பார்த்து முடித்த பாஸ்ட் பேப்பரில் வாங்கிய புள்ளி மாதிரித்தான். உத்தி பார்க்காத தரவு வேண்டும். அதற்கு இரண்டு வழி.

முதலாவது ஒரே வெட்டு. 2020 வரை பழகிவிட்டு, மிச்சத்தில் சோதிப்பது. செய்வது சுலபம்தான், ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பதே தீர்ப்பை மாற்றிவிடும். அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2021இல் ஏறக்குறைய 80% ஏறியது. அந்த ஒரு வருடத்தில் சோதித்தால் வாங்கி வைக்கிற எந்த உத்தியும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். நாடு கடன் தவணையை நிறுத்திய 2022இல் சுட்டெண் சுமார் 30% விழுந்தது. அதில் மட்டும் சோதித்தால் நல்ல உத்தியும் தோற்கக்கூடும்.

இரண்டாவது வாக் ஃபார்வர்ட். 2015–2017இல் ஜோடியைத் தேர்ந்து 2018இல் ஓட்டுவது; அப்புறம் 2016–2018இல் மறுபடி தேர்ந்து 2019இல் ஓட்டுவது. இப்படியே 2024 வரை நகர்ந்தால் ஏழு சோதனை வருடங்கள் கிடைக்கும். அவற்றின் லாப நட்டத்தைத் தொடராக ஒட்டிப் பார்க்க வேண்டும். 2021ஐ எடுத்துவிட்டதும் லாபம் முழுதும் காணாமல் போனால், அது உத்தியின் திறமையல்ல, ஏறிய சந்தையின் தயவு. தேர்வுக்கு எடுத்த ஒவ்வொரு மூன்று வருடச் சன்னலும் எந்த ஜோடியைத் தேர்ந்தது என்பதையும் பார்க்கச் சொன்னேன். ஒரு வருடம் 20 நாள்/100 நாள், மறு வருடம் 5/40 என்று தாவினால் உத்தி தற்செயலான இரைச்சலைத்தான் துரத்துகிறது. எனக்கு லாபத்தை விட இந்த அடையாளத்தில்தான் நம்பிக்கை அதிகம்.

தரகுக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து வாங்க 1.12%, விற்க 1.12%. வேகமான ஜோடிகள் பெரும்பாலும் இதிலேயே அடிபட்டுப்போகும். ஆகவே தேர்வுக்கும் சோதனைக்கும் இதைக் கழித்த கணக்கே வேண்டும்.

வாக் ஃபார்வர்டிலும் ஓட்டை உண்டு. மூன்று வருடச் சன்னல் சரிவரவில்லை என்று இரண்டு, நான்கு என்று மாற்றி மாற்றி ஓட்டினால், நல்ல விடை வரும்வரை தேடுகிறோம். சோதனை வருடங்களும் பழகிய தரவாகிவிடும். இங்கேதான் ஒரே வெட்டு மறுபடி கைகொடுக்கிறது. உத்தியை வளர்க்க வாக் ஃபார்வர்டையே எடுப்பேன். 2025ஐ மட்டும் தொடாமல் பூட்டி வைத்து, எல்லாம் முடிவானபின் ஒரே தடவை ஓட்டுவேன். அதைப் பார்த்தபிறகு மச்சான் ஓர் எண்ணை மாற்றினாலும் 2025 செலவாகிவிடும். அடுத்த சோதனைக்கு இனிமேல் வரும் விலைகள்தான் இருக்கும், அதற்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.