பூவின் சிவப்பை மட்டும் நீலமாக்குவது: Hue/Saturation-உடன் சில வருட அனுபவம்

கரூர் பக்கம் மேஜை விரிப்பு, தலையணை உறை, திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் இடங்களில் ஒரே பிரிண்டை மூன்று நான்கு நிறங்களில் காட்டச் சொல்வது வழக்கம். இதைக் கலர்வே என்பார்கள். ஒவ்வொரு கலர்வேக்கும் சாயப் பசை கலக்கி, மாதிரி அடித்து, அலசிக் காயவைத்துப் படம் எடுப்பதற்கு நாளும் பணமும் ஆகும். அதனால் அச்சடித்த ஒரு துணியை ஒழுங்காகப் படம் எடுத்துக்கொண்டு, மற்ற நிறங்களைக் கணினியில் மாற்றிக் காட்டுகிறோம். வாங்குபவர் தேர்ந்தெடுத்த பிறகுதான் மாதிரி அச்சு.

இந்த வேலையைச் சில வருடங்களாக, நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மாற்றும் ஃபோட்டோஷாப்பின் Hue/Saturation லேயரில்தான் செய்கிறேன். அதில் Master என்று இருக்கும் இடத்தைத் திறந்து Reds, Yellows என ஒரு நிற வரம்பைத் தேர்ந்தெடுத்து, அந்த வரம்பை நம் துணிக்கு ஏற்றபடி இறுக்கிக்கொள்ளும் முறை. பூ, இலை, கோடு என்று ஒவ்வொன்றையும் சுற்றி வரைந்து தேர்வு செய்யவே வேண்டாம். நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் உள்ள பிரிண்டுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. மடிப்பும் நிழலும் நூல் இழையும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறும்.

அடிப்படை எளிது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் வட்டத்தில் ஒரு கோணம் உண்டு: சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240, மெஜந்தா 300. Reds என்று தேர்ந்தெடுத்ததும் கீழே நான்கு எண்கள் தெரியும்: 315, 345, 15, 45. நடுவில் உள்ள 345 முதல் 15 வரை மாற்றம் முழுமையாக விழும். 15-இல் இருந்து 45 வரையும், மறுபக்கம் 345-இல் இருந்து 315 வரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறையும். இந்தக் குறையும் பகுதியை நான் சரிவு என்று சொல்லிக்கொள்கிறேன். நிறம் மாற்றும் வேலை நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்தச் சரிவில்தான்.

ஒரு மேஜை விரிப்பை எடுத்துக்கொள்வோம். பின்னணியில் க்ரீம் தரை, சிவப்புப் பூ, பூவின் நடுவில் கடுகு மஞ்சள், ஆலிவ் பச்சை இலை, எல்லாவற்றையும் சுற்றி அடர் பழுப்புக் கோடு. கேட்ட மாற்றம்: பூ மட்டும் இண்டிகோ நீலம் ஆக வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் Info பேனலை நிறக் கோணம் காட்டும் HSB-க்கு மாற்றி, ஐட்ராப்பரின் அளவை 5×5 சராசரியாக வைத்து ஒவ்வொரு நிறத்தின் கோணத்தையும் குறித்துக்கொள்வேன். சிவப்பு 4, பழுப்பு 22, கடுகு 38, ஆலிவ் 75. சிவப்பை ஓர் இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது. வெளிச்சம் படும் இடத்தில் அது 10 வரை போகும், மடிப்புக்குள் 355-க்கு இறங்கும்.

இப்போது Reds வரம்பை இருப்பது போலவே வைத்துக்கொண்டு Hue-வை -120-க்கு நகர்த்தினால், பூ 4-இல் இருந்து 244-க்குப் போய் நீலமாகும். ஆனால் கடுகு மஞ்சள் 38-இல் இருக்கிறது, அதாவது சரிவுக்குள். அங்கே மாற்றத்தின் பலம் ஏறக்குறைய கால்வாசி. கடுகு சுமார் 28 டிகிரி சிவப்பு பக்கம் நகர்ந்து செங்கல் நிறமாகிவிடும். பழுப்புக் கோட்டின் மேல் முக்கால்வாசிப் பலம் விழுவதால் அது ஊதாவாகும். மற்ற நிறங்களைத் தொடாது என்று நம்பிச் செய்பவருக்கு இது மர்மமாகத் தெரியும். உண்மையில் பக்கத்து நிறங்கள் வரம்பின் வாலுக்குள் மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அதனால் நான் வைக்கும் எண்கள் 340, 350, 12, 20. சிவப்பின் எல்லாச் சாயல்களும் முழுப் பகுதிக்குள் வந்துவிடும், பழுப்பும் கடுகும் வெளியே நிற்கும். வரம்பு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, முதலில் Saturation-ஐ -100-க்குத் தள்ளிப் படத்தை 100 சதவீத அளவில் பார்ப்பது என் வழக்கம். எது சாம்பலாகிறதோ அதுதான் மாறப்போகிறது. பூவில் சிவப்புத் திட்டு மிச்சம் இருந்தால் வரம்பை விரிக்க வேண்டும், பழுப்பு மங்கினால் இறுக்க வேண்டும். அது திருப்தியான பிறகு Saturation-ஐப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு Hue-வைத் தொடுவேன்.

சரி, சரிவே இல்லாமல் 12-ஐயும் 13-ஐயும் ஒட்டி வைத்துவிட்டால் என்ன? அதுவும் நடக்காது. சரிவு மிகக் குறுகினால் பூவின் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பழைய சிவப்பு தெறித்து நிற்கும். ஜேபெக் படங்களில் இது மோசம், ஏனென்றால் அதில் நிறத் தகவல் பெரும்பாலும் வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிக்கப்படுகிறது. முடிந்தவரை ராவ் கோப்பில் இருந்து 16 பிட்டில் திறந்து வேலை செய்வது இதற்காகவே. எட்டு டிகிரி சரிவு எனக்குப் பெரும்பாலான பருத்தித் துணிகளுக்குச் சரியாக வந்திருக்கிறது.

இனி இந்த முறையில் நான் அதிகம் கவனிக்கும் இடம். ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனி ஸ்கிரீனில் அடிக்கும் அச்சில், இரண்டு ஸ்கிரீன்கள் சேரும் ஓரத்தில், இடைவெளி தெரியாமல் இருக்க ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி விழும்படி வைப்பார்கள். சிவப்பு கடுகின் மேல் ஏறும் அந்த மெல்லிய கோடு செம்மஞ்சளாக, 16 டிகிரி அளவில் இருக்கும். நம் சரிவின் நட்ட நடு அது. -120 மாற்றத்தில் பாதி விழுந்து, அந்தக் கோடு 316-க்குப் போகும். அதாவது நீலப் பூவுக்கும் மஞ்சள் நடுவுக்கும் இடையே ஒரு ரோஸ் கோடு. நிஜத்தில் நீலப் பசை கடுகின் மேல் விழுந்தால் பசுமை கலந்த கருங்கோடுதான் வரும், ரோஸ் வர வாய்ப்பே இல்லை. அச்சுக்கூடத்தில் இருக்கும் மாஸ்டர் இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது, “இந்த ரோஸ் எந்த ஸ்கிரீன்ல இருந்து வருது சார்?” என்பதாகத்தான் இருக்கும்.

இதைத் தீர்க்க, லேயர் எந்த இடத்தில் மட்டும் விழ வேண்டும் என்று காட்டும் மாஸ்க் வரைய வேண்டியதில்லை. முதல் லேயருக்கு மேல் இன்னொரு Hue/Saturation லேயர் போட்டு, Magentas வரம்பில் Saturation-ஐ -70 அளவுக்குக் குறைத்துவிடுவேன். Magentas-இன் சரிவு 255-இல்தான் தொடங்குகிறது, நம் நீலம் 244-இல் இருக்கிறது, அதனால் பூ கெடாது. துணியில் வேறு ரோஸ் இல்லாததால் ஓரக் கோடு மட்டும் மங்கி நிழல் போல அடங்கிவிடும். அதே பூவைப் பச்சை கலந்த நீலமான டீல் நிறத்துக்கு, +180, நகர்த்தும்போது இந்தத் தொல்லையே இல்லை. பாதி மாறிய ஓரம் 106-க்குப் போய்ப் பச்சையாகிறது. டீல் மஞ்சளின் மேல் விழுந்தால் நிஜத்திலும் பச்சைதானே வரும்! எந்தத் திசையில் சுற்றுகிறோம், வழியில் எந்த நிறங்களைக் கடக்கிறோம் என்பதைப் பொறுத்து ஓரம் நம்பும்படியோ நம்பாதபடியோ அமைகிறது. நகர்த்தும் தூரம் 30, 40 டிகிரிக்குள் என்றால் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம், சரிவைத் தாராளமாக வைக்கலாம்.

அடுத்தது வெளிச்சம். கோணத்தை மட்டும் சுற்றினாலும் கண்ணுக்குத் தெரியும் பளிச்சும் மாறிவிடுகிறது. R 200, G 45, B 35 என்று இருக்கும் சிவப்பின் ஒளிர்வு, வழக்கமான கணக்கில், 90 அளவு. -120 சுற்றியதும் அது 45, 35, 200 ஆகிறது, ஒளிர்வு 57-க்கு விழுகிறது. அதே சிவப்பை டீலாக்கினால் 145-க்கு ஏறிவிடும். அதனால்தான் நீலப் பூவில் மடிப்பும் இழையும் இருட்டில் புதைந்து போகின்றன, டீல் பூ துணியில் ஒட்டிய பிளாஸ்டிக் போல மின்னுகிறது. இதை அதே பேனலில் உள்ள Lightness-ஐ நகர்த்திச் சரிசெய்ய நான் விரும்புவதில்லை. கூட்டினால் பூவின் மேல் வெண்புகை படிந்தது போல ஆகும். Saturation-ஐ 30, 35 குறைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு Curves லேயர் போடுவேன். மாற்றிய படத்தில் நீலம் பூவில் மட்டும் இருப்பதால் Color Range-இல் Blues என்று கேட்டாலே அதற்கான மாஸ்க் தயார்.

க்ரீம் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறம் வெளிறிய இடங்களில் கோணம் நிலையாக இருக்காது. மடிப்பில் சிவப்புப் பூவின் பிரதிபலிப்பு க்ரீமின் மேல் விழுந்தால் அந்த இடத்தின் கோணமும் 10, 12-க்கு வந்துவிடும், பூவோடு சேர்ந்து நீலமாகும். முதல் பார்வைக்கு இது பிழை போலத் தோன்றும். ஆனால் நீலப் பூ பக்கத்தில் இருந்தால் க்ரீமில் நீலம்தான் பிரதிபலித்திருக்கும், ஆகவே மெல்லியதாக இருந்தால் விட்டுவிடுவேன். தரை முழுவதும் ஊதா படர்ந்தால் மட்டும் லேயர் மாஸ்க்கில் மெதுவான பிரஷ்ஷால் அழிப்பேன். துணியைக் கையில் பிடித்தபடி ஒருவர் படத்தில் இருந்தாலும் மாஸ்க் கட்டாயம். தோல் நிறமும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில்தான் விழுகிறது.

இந்த முறையால் முடியாததும் உண்டு. மெரூன் பூவும் இளம் ரோஸ் தரையும் உள்ள பிரிண்டில் இரண்டின் கோணமும் ஒன்றாகவே இருக்கும். ஒன்று அடர்த்தி, மற்றொன்று வெளிறல், அவ்வளவே. எண்களை எப்படி இறுக்கினாலும் பிரிக்க முடியாது. அங்கே வெளிச்சத்தை வைத்துப் பிரிக்கும் Blend If போன்ற வழிக்குப் போக வேண்டும். கறுப்புக் கோட்டை நிறமாக்கவும் இது உதவாது, சுற்றுவதற்கு அங்கே நிறமே இல்லை.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்திருந்தால் ஒரே சிவப்பு விரிப்பின் ஒரு மூலையில் 356, மறு மூலையில் 14 என்று காட்டும். அப்போது வரம்பை விரிக்க வேண்டிவரும், பழுப்பு உள்ளே வந்துவிடும். ஒரே வகை வெளிச்சம், ஒரு சாம்பல் அட்டை, சிவப்பு வெடிக்காத அளவுக்குக் கொஞ்சம் குறைவான எக்ஸ்போஷர். இந்த மூன்றும் இருந்தால் பிறகு எண்களோடு போராட வேண்டியிருக்காது.

கிம்ப்பிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். அதன் Hue-Saturation-இல் ஆறு நிறப் பிரிவுகளும் ஒரு Overlap ஸ்லைடரும் மட்டுமே, வரம்பின் எல்லையை நகர்த்த முடியாது. Colors மெனுவில் Map-க்குள் இருக்கும் Rotate Colors-தான் பொருத்தமானது. மூல வரம்பையும் சேர வேண்டிய வரம்பையும் டிகிரியில் கொடுக்கலாம், வெளிறிய நிறங்களை எப்படி நடத்துவது என்றும் சொல்லலாம். ஃபோட்டோஷாப்பில் உள்ளது போன்ற சரிவு அங்கே இல்லாததால் ஓரங்களைத் தனியாகச் சீர்படுத்த வேண்டியிருக்கும்.

வாங்குபவருக்கு அனுப்பும்போது படத்தோடு, தேர்ந்தெடுத்த நீலத்துக்குப் பேண்டோன் நிற அட்டையில் உள்ள பருத்தி எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறேன். அச்சுக்கூடம் சாயம் கலப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான். அடுத்த கலர்வே கேட்டால் அதே லேயரைப் பிரதி எடுத்து, பழையதை அணைத்துவிட்டு, பிரதியில் Hue எண்ணை மட்டும் மாற்றுவேன். 340, 350, 12, 20 அப்படியே இருக்கும். மேலே உள்ள Magentas லேயரையும் அணைத்துவிட்டு, புதிய நிறத்துக்கு ஓரம் எந்தப் பக்கம் போகிறது என்று மறுபடி பெரிதாக்கிப் பார்ப்பேன்.