ஓவர்சைஸ் டீசேட்: வழமையான எல் சைஸா, ஒன்று குறைத்து எம் சைஸா?

தோள் தையல் புயத்துக்கு இறங்கி நிற்கிற அந்த ட்ரொப் ஷோல்டர் டீசேட்டின் விலை இறங்கியதிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். வழமையாகப் போடுகிற சைஸை எடுப்பதா, ஒன்று குறைத்து எடுப்பதா? என்னிடம் இரண்டும் இருக்கின்றன. கறுப்பு எல், சாம்பல் எம். ஒரே கடை, ஒரே துணி, இரண்டும் 240 ஜிஎஸ்எம் தடிப்புள்ள பருத்தி. எம் யோசித்து எடுத்ததல்ல, சாம்பல் நிறத்தில் எல் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டையும் மாறி மாறிப் போட்டுத் தோய்த்துக் காயப்போட்டு வருகிறேன்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எம்மைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கக் கூடாது. நான் நிற்பது பலசரக்குக் கடையில். மேல்தட்டில் மா பக்கற்றை வைக்கக் கை நீட்டினால் டீசேட்டின் கீழ்விளிம்பு அப்படியே மேலே ஏறி இடுப்புப் பட்டியைத் தாண்டிப் போய்விடும், கையை இறக்கினாலும் அது தானாகக் கீழே வராது, இழுத்துவிட வேண்டும். நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே நிற்பேன். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தாலும் இதே கதைதான். முன்சீற்றில் இருக்கிற அம்மாவின் கண்ணுக்கு நேரே என் தொப்புள்.

இதற்குத் துணியைக் குறைசொல்ல முடியாது, வெட்டு அப்படி. சாதாரண டீசேட்டில் கை பொருத்துகிற தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்கும், கைக்குழியும் அக்குளுக்குக் கிட்ட இருக்கும். ட்ரொப் ஷோல்டரில் தையல் புயத்துக்கு இறங்கிவிடுகிறது, கைக்குழியும் சேர்ந்து ஆழமாகிறது. கை மேலே போகும்போது அந்த ஆழமான குழி பக்கத்தையலை இழுத்துக்கொண்டுதான் போகும். எல்லிலும் இழுக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதில் நீளம் கொஞ்சம் கூட இருப்பதால் மானம் தப்புகிறது.

சைஸைக் குறைத்தால் எல்லாம் குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தேன். எனக்குச் சரியாக நிற்கிற பழைய சாதாரண டீசேட்டைக் கட்டிலில் விரித்தால் தோள் 45 சென்ரிமீற்றர். புதிதில் எல் 56, எம் 54. அதாவது எல்லில் தையல் ஒரு பக்கத்துக்கு ஐந்தரை சென்ரிமீற்றர் இறங்கி நிற்கிறது, எம்மில் நாலரை. ஒரு சைஸ் குறைத்ததற்குத் தோளில் கிடைத்த லாபம் ஒரு சென்ரிமீற்றர். நெஞ்சுப் பக்கம் பாருங்கள். அக்குளிலிருந்து அக்குளுக்கு எல் 60, எம் 57.5. சுற்றளவாகச் சொன்னால் 120உம் 115உம். என் நெஞ்சு 98. எம்மைப் போட்டாலும் 17 சென்ரிமீற்றர் தொளதொளப்பு மிச்சம் இருக்கிறது. பெரிதாகத் தெரிய வேண்டும் என்றே வெட்டிய துணியை ஒரு எழுத்துக் குறைத்துச் சாதாரண டீசேட் ஆக்க முடியாது. அப்படித்தான் வேண்டுமென்றால் சாதாரணத்தையே எடுங்கள், காசும் மிச்சம்.

உண்மையில் உறுத்துவது நீளம்தான். எல் 73, எம் 71. கடையில் பார்த்தால் இரண்டு சென்ரிமீற்றர் ஒன்றுமேயில்லை. ஆனால் பருத்திப் பின்னல் துணி முதல் சில தோய்ப்பில் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். என் எல் இப்போது 70இல் நிற்கிறது, எம் 68. அகலம் இரண்டிலும் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் போயிருக்கிறது. அகலம் அப்படியே இருக்க நீளம் மட்டும் குறைந்தால் உடுப்பு பெட்டி மாதிரி ஆகிவிடும், அதில் கையையும் தூக்கினால் மேலே சொன்ன கூத்து. ஆகவே சைஸ் அட்டவணையில் நெஞ்சளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீளத்தைப் பாருங்கள், அதிலிருந்து ஒரு மூன்று சென்ரிமீற்றரைக் கழியுங்கள், மிச்சம் உங்கள் பழைய டீசேட்டின் நீளத்துக்குக் கிட்ட வந்தால் அந்தச் சைஸ் சரி.

நேற்றுக் கேட்ட சிநேகிதனின் விசயம் கொஞ்சம் வேறு. அவன் எல் போடுவது தோளுக்காக அல்ல, வயிற்றுக்காக. "மச்சான், எப்படியும் லூசாகத்தானே இருக்கும், எனக்கு எம் காணும்தானே?" என்கிறான். சுற்றளவுக்குக் காணும். ஆனால் வயிறு முன்பக்க நீளத்தைத் தின்றுவிடும், பின்பக்கம் ஒழுங்காகத் தொங்க முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இந்தத் தடித்த துணி வயிற்றோடு படிந்து விழாது, கூடாரம் போலத் தள்ளி நிற்கும், அதனால் இன்னும் கட்டையாகத் தெரியும். வயிறு உள்ளவர்கள் ஒருநாளும் குறைக்காதீர்கள்.

குறைத்து எடுப்பது சரியாக வருகிற ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் அக்காவின் மகன் மெலிந்தவன், உயரமும் குறைவு, தோள் 40தான். அவன் வழமையாகப் போடுகிற எம்மில் தையல் 7 சென்ரிமீற்றர் இறங்குகிறது, அங்கிருந்துதான் 23 சென்ரிமீற்றர் கை தொடங்குகிறது. இரண்டையும் கூட்டினால் 30, அவனுடைய முழங்கையிலேயே வந்து நிற்கிறது. கையை மடக்கும்போதெல்லாம் துணி மடிப்புக்குள் சிக்குப்படுகிறது. அவனுக்கு எஸ் எடுத்தால் தோளும் கையுமாக ஒரு இரண்டு சென்ரிமீற்றர் மேலே ஏறும், நீளமும் அந்த உயரத்துக்குப் போதும். அட்டவணையில் கை நீளம் 23 என்று பார்த்துக் கட்டை என்று ஏமாறாதீர்கள், அது தோளிலிருந்து எடுத்த அளவல்ல, இறங்கி நிற்கிற தையலிலிருந்து எடுத்தது.

கையைத் தொங்கவிடும்போது அக்குளுக்குக் கீழே விழுகிற அந்தச் சுருக்கம் பற்றியும் கேட்டிருந்தார்கள். அது எந்தச் சைஸிலும் விழும். அது பிழையான சைஸுக்கு அடையாளமல்ல, இந்தக் கை வெட்டின் குணம்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். திருகோணமலை வெயிலுக்கு இவ்வளவு தடித்த துணி என்னத்துக்கு என்று அம்மா கேட்டா, எனக்கும் அதே பயம்தான் இருந்தது. ஆனால் எல் உடம்பில் எங்கும் ஒட்டாமல் நிற்கிறது, கைக்குழியால் காற்றுப் போய் வருகிறது, மெல்லிய இறுக்கமான டீசேட்டைவிடப் பகலில் இது சுகம். வேர்வை முதுகில் படமாகத் தெரிவதும் குறைவு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொடியில் போட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும். மார்கழி மழைக்குத்தான் சனியன், இரண்டு நாள் ஆனாலும் தையலோரம் ஈரம் போகாமல் ஒரு புளித்த மணம் வந்துவிடும். ஹாங்கரில் ஈரமாகக் கொழுவ வேண்டாம். தோள் தையல் கீழே இருப்பதால் ஹாங்கரின் நுனி வெறும் துணியில் குத்தி இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த மாதிரி நிற்கும். கொடியில் பாதியாக மடித்துப் போடுவதே நல்லது.

எல்லுக்கும் ஒரு குறை உண்டு. உப்புவெளிப் பக்கம் மோட்டார் சைக்கிளில் போனால் காற்று உள்ளே புகுந்து முதுகு ஊதிப்போய்விடும், பின்னால் இருப்பவர் முகத்தில் அடிக்கும். எம் அந்த அளவுக்கு ஊதுவதில்லை. படத்திலும் எம்தான் எனக்கு எடுப்பாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

என் முடிவு, வழமையான சைஸையே எடுங்கள். தோள் மிகவும் ஒடுக்கமாக இருந்தால் மட்டும் ஒன்று குறையுங்கள். எம்மைப் பற்றி இவ்வளவு திட்டிவிட்டேன், ஆனாலும் கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கை போவது அதற்குத்தான். இந்த விலைக்குக் கறுப்பிலும் ஒரு எம் எடுத்துவிடுவேன் போலிருக்கிறது.