வளைவா, சாவோவா, ஜாக்நைஃபா?

"இனக்குவிப்பு வளைவு தட்டையாகிவிட்டது, ஆகவே கணக்கெடுப்பு முழுமையானது." கணக்கெடுத்த பரப்பு கூடக்கூட மொத்த இனங்கள் எப்படி ஏறுகின்றன என்பதைக் காட்டுவதே இந்த வளைவு. பல அறிக்கைகளில் வரும் மேற்கண்ட வரியைப் பனாமாவின் பாரோ கொலராடோ தீவுத் தரவை வைத்துச் சோதிக்கலாம். ஆர் மொழியின் vegan தொகுப்போடு அது கிடைக்கிறது. ஒரு ஹெக்டேர் வீதம் 50 கட்டங்களில், 10 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத மரங்களை எண்ணியபோது கிடைத்தவை 225 இனங்கள்.

```
library(vegan)
data(BCI)
plot(specaccum(BCI, "exact"))
specpool(BCI)
```

வளைவு கண்ணுக்குத் தட்டையாகத்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் தென்பட்ட இனங்கள் 21. இதை 50ஆல் வகுத்தால் வரும் 0.42தான் வளைவின் கடைசிப் படி. இன்னும் இரண்டரை ஹெக்டேர் நடந்தால் ஏறக்குறைய ஒரு புதிய இனம் வரும் என்று பொருள். உழைப்பு போதுமா என்பதை வளைவு காட்டும். காணாதவை எத்தனை என்று அது சொல்லாது.

அதைச் சொல்லவே ஜாக்நைஃப், சாவோ என்ற மற்ற இரண்டு மதிப்பீடுகளும். முதல்நிலை ஜாக்நைஃப், அந்த 21ஐ 49/50ஆல் பெருக்கி 225உடன் கூட்டி, 245.6 என்கிறது. தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவோவின் சாவோ2, சரியாக இரண்டு கட்டங்களில் கிடைத்த 19 இனங்களையும் கணக்கில் கொள்கிறது: (49/50) × 21² ÷ (2 × 19) = 11.4. மொத்தம் 236.4, திட்டப்பிழை சுமார் 6.5.

இரண்டில் நான் சாவோ2 பக்கம். "குறைந்தது இவ்வளவு" என்ற அதன் பொருள் தெளிவானது. ஜாக்நைஃப் கூட்டுவது ஒற்றைப் பதிவு இனங்களின் எண்ணிக்கையைத் தாண்டாது. ஆகவே கணக்கெடுப்பு மிகச் சிறியதாக இருந்தால், பதிவான இனங்களின் இருமடங்கைத் தாண்ட அதனால் முடியாது. அரிய இனங்கள் மலிந்த காட்டில் அந்த வரம்பு காட்டைப் பற்றியதல்ல, சூத்திரத்தைப் பற்றியது.

ஆனால் சாவோ2இன் பலவீனமும் அந்த ஒற்றைப் பதிவுகளில்தான் இருக்கிறது. ஏற்கெனவே பதிவான இனங்களின் ஐந்து மரங்களைத் தவறாக அடையாளம் கண்டு, ஐந்து புதிய இனங்களாக எழுதிவிட்டதாகக் கொள்வோம். 225 என்பது 230 ஆகும், 21 என்பது 26 ஆகும், சாவோ2 247.4க்குத் தாவும். ஐந்து தவறுகள் பதினொரு இனங்களைக் கூட்டிவிடுகின்றன. மதிப்பீட்டை ஓட்டுவதற்கு முன் ஒற்றைப் பதிவுகளின் மாதிரிகளை உலர்தாவரச் சேகரிப்போடு ஒப்பிட்டே ஆகவேண்டும்.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: "225 இனங்கள் பதிவாயின. சாவோ2இன்படி, இந்த அளவுகோலுக்கு உட்பட்ட மர இனங்கள் குறைந்தது 236 (திட்டப்பிழை 6.5)." அளவுகோல் என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. 10 செ.மீ. விட்டத்தை எட்டாத குறுஞ்செடி இனங்கள் இந்த 236இல் இல்லை. எந்தச் சூத்திரமும் அவற்றைக் கூட்டித் தராது.