வீட்டிலிருந்து உணவுத் தொழில்: 100 ரூபாய்ப் பதிவுக்கு 5,498 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி ஆகிய மூன்றையும் அரைத்துப் பொட்டலமிட்டு விற்று வருகிறேன். 2023 பிப்ரவரியில் தொழிலை முறைப்படி தொடங்க நினைத்து உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு அலைந்தபோது ஓர் இடைத்தரகு நிறுவனத்திடம் பணத்தை இழந்தேன். பணத்தைக் காட்டிலும், தவறான வகையில் பதிவான ஒரு சான்றிதழை இரண்டு மாதம் சரியானதென்று நம்பிக்கொண்டு சரக்கை விற்றேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. என் பெண்ணின் பள்ளித் தோழியின் தாயார் சென்ற வாரம் அதே வழியில் பணம் கட்டப்போவதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கைப்பேசியில் உணவு உரிமம் என்று தேடியதும் முதலில் வந்த இணையதளத்தைத் திறந்தேன். தேசியக் கொடியின் மூவண்ணம், மேலே அசோகச் சின்னத்தைப் போன்ற ஒரு படம், நடுவில் நீளமான விண்ணப்பப் படிவம் என்று எல்லாமே அரசுத் தளத்தின் சாயலில் இருந்தன. அது தனியார் ஆலோசனைச் சேவை என்ற ஒரு வரி பக்கத்தின் அடியில் வெளிர்சாம்பல் எழுத்தில் இருந்ததைப் பின்னாளில்தான் கண்டேன். பெயர், முகவரி, ஆதார் எண், கைப்பேசி எண் எல்லாவற்றையும் நிரப்பி, ஐந்தாண்டுப் பதிவுக்கு என்று கேட்ட 2,999 ரூபாயைக் கட்டினேன்.

மறுநாள் ஒருவர் அழைத்தார். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நான் புரிந்துகொள்ளும்படி பேசினார். "மேடம், உங்க ஃபைல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்திருக்கு. வீட்டுக்கு ஆள் வராம முடிச்சுத் தர்றேன், ஆயிரத்து ஐந்நூறு மட்டும் போடுங்க" என்றார். வாடகை வீட்டுக்கு அலுவலர் வந்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயத்துக்குத்தான் அவர் விலை வைத்தார். பணம் போனது ஒரு தனிநபரின் எண்ணுக்கு. அதன்பின் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழும் கட்டாயம் என்று 999 ரூபாய் வாங்கினார். ஆகமொத்தம் 5,498 ரூபாய்.

ஆறாம் நாள் சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. 14 இலக்க எண், என் பெயர், என் படம் எல்லாம் இருந்தன. அந்த எண்ணை அச்சிட்டு 500 ஒட்டுத்தாள்கள் அடித்தோம். அதற்கு 1,750 ரூபாய் ஆயிற்று. அக்கம்பக்கத்திலும் கணவர் வேலை செய்யும் துறைமுகத்திலும் பொட்டலங்கள் விற்றன.

ஏப்ரலில் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு மளிகைக் கடைக்குப் பத்துப் பொட்டலங்களோடு போனேன். கடை அண்ணாச்சி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத் தன் கைப்பேசியில் தட்டினார், பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, நீங்க டீக்கடையா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவர் திறந்திருந்தது அரசின் உண்மையான தளமான foscos.fssai.gov.in. அதன் முகப்பிலேயே FBO Search என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்நுழையாமலே எவரும் 14 இலக்க எண்ணைப் போட்டு, அது யாருடையது, எந்த முகவரிக்கு உரியது, எந்த வகைத் தொழிலுக்கு வழங்கப்பட்டது, நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். என் எண்ணுக்கு நேரே, தின்பண்டமும் தேநீரும் விற்கும் சில்லறை வணிகர் என்ற பொருளில் Petty Retailer of snacks/tea shops என்று இருந்தது. "இது வித்துக்கிறதுக்கான பதிவும்மா. நீங்க அரைச்சுப் பாக்கெட் போடுறீங்க. உற்பத்தியாளர்னு இருக்கணும். நாளைக்கு சாம்பிள் எடுத்தாங்கன்னா எனக்கும் சேர்த்துத்தான் கேள்வி வரும்" என்று சொல்லிப் பொட்டலங்களைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சான்றிதழை மீண்டும் படித்தேன். தொழிலின் வகை அதிலேயே அச்சாகியிருந்தது. முடிவுத் தேதி 2024 பிப்ரவரி என்றும் இருந்தது. ஐந்தாண்டுக்குப் பணம் வாங்கியவர் ஓராண்டுக்குத்தான் கட்டியிருக்கிறார். எண்ணையும் என் படத்தையும் பார்த்த மகிழ்ச்சியில் மற்ற வரிகளை நான் படிக்கவே இல்லை. இதில் என் தவறும் பாதி.

இந்த ஏமாற்று எங்கே நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, பதிவு என்பது என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். நான் விண்ணப்பித்த காலத்து விதிப்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு உணவுத் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அந்த வரம்புக்கு மேல் போனால்தான் உரிமம், அதற்குரிய பெரிய கட்டணம் எல்லாம். இத்தகைய வரம்புகளும் கட்டணமும் திருத்தப்படக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தத் தளத்தில் காட்டும் தொகையையே கணக்கில் கொள்ள வேண்டும். வாங்கியது எது என்பதை எண்ணின் முதல் இலக்கமே சொல்லிவிடும். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. உரிமம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிய ஒருவர் 224 என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால், அவர் கொடுத்திருப்பது பதிவுதான்.

விண்ணப்பத்தில் உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: Kind of Business என்ற கேள்வி. அரைத்தோ சமைத்தோ பொட்டலமிட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர் உற்பத்தியாளர். வீட்டில் சமைத்து அன்றன்றைக்குச் சாப்பாட்டுக் கேரியர் அனுப்புபவர் உணவுச் சேவைப் பிரிவில் உள்ள வீட்டுச் சமையல் வகைக்குள் வருவார். பிறர் செய்ததை வாங்கி விற்பவர் சில்லறை வணிகர். உற்பத்தியாளர் என்றால் என்னென்ன பொருள் செய்கிறீர்கள், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று கேள்விகள் நீளும். அலுவலர் நேரில் வந்து பார்க்கவும் வாய்ப்பு உண்டு. நாளுக்கு நூறு விண்ணப்பம் போடும் தரகருக்கு அந்தத் தொல்லை எதற்கு? தேநீர்க்கடை என்று போட்டால் எளிதாக முடிந்துவிடுகிறது. சான்றிதழ் உண்மையானதுதான், எண்ணும் உண்மையானதுதான். நான் செய்யும் தொழிலுக்கு மட்டும் அது பொருந்தாது. அதனால் சட்டத்தின் பார்வையில் என் பொடிகள் பதிவில்லாமல் உற்பத்தியானவை.

இன்னொரு கண்ணி, பார்த்த உடனே தெரியாதது. விண்ணப்பத்தில் தரகர் தம் மின்னஞ்சலையும் தம் கைப்பேசி எண்ணையும் கொடுத்திருந்தார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அவரிடம் இருந்தன. முகவரி மாறினாலும், புதிய பொருளைச் சேர்க்க நினைத்தாலும், புதுப்பிக்க வேண்டியிருந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் கட்டியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்த "இன்ஸ்பெக்‌ஷன்" தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவு விண்ணப்பம் வந்த 7 நாட்களுக்குள் அலுவலர் அதை ஏற்கலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது நேரில் பார்க்க வருவதாக அறிவிக்கலாம். அப்படி வந்து பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வந்தால் பார்ப்பவை குடிநீர், குப்பை, பாத்திரம், தரை, பூச்சி, எலி, சமைப்பவரின் சுத்தம் போன்றவைதான். சமையலறையில் மாடுலர் அலமாரி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உத்யம் பதிவோ முற்றிலும் இலவசம், udyamregistration.gov.in தளத்தில் ஆதாரைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம்.

பணத்துக்காக 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்தேன். சேவைக் கட்டணம் என்று ரசீது கொடுத்திருந்ததால் 2,999 ரூபாய் திரும்பவில்லை. தனிநபர் எண்ணுக்குப் போன 1,500 ரூபாயும் வரவில்லை. பணம் கட்டி இரண்டு மாதம் கழித்துப் புகார் கொடுத்தால் யாரும் என்னதான் செய்ய முடியும்.

பிறகு எங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். பழைய பதிவை ரத்து செய்யக் கோரிச் சென்னை மாவட்ட நியமன அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுக்கவும், என் சொந்தக் கைப்பேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் புதிதாக விண்ணப்பிக்கவும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகளோடு உட்கார்ந்து முடித்தேன். என் புகைப்படம், ஆதார், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை இணைத்தோம். ஆதாரில் பழைய கொருக்குப்பேட்டை முகவரி இருந்ததால் ஒப்பந்தம் தேவைப்பட்டது. பொடி அரைக்கும் இடத்தின் முகவரிதான் சான்றிதழில் வர வேண்டும். ஆதாரில் உள்ள முகவரியை அப்படியே எழுதிவிடுவது பலர் செய்யும் பிழை. கட்டணம் 100 ரூபாய். அலுவலர் வந்தார். அரைத்த பொடியை ஆறவைக்கும் தாம்பாளம் சன்னலோரம் திறந்து கிடந்ததைக் காட்டி, வலை போட்டு மூடச் சொன்னார். வீட்டுக்காரர் அவருக்குத் தேநீர் கொடுத்தார்.

பொட்டலமிட்டு விற்பவர், எடையளவுச் சட்டத்தின் கீழ் தொழிலாளர் துறையிலும் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும் என்பதை அந்தத் தரகர் வாய் திறந்து சொல்லவே இல்லை. அதை எனக்குச் சொன்னவர் அண்ணாச்சிதான். இப்போது அவர் கடையில் வாரம் இருபது பொட்டலம் போடுகிறேன்.

2024 ஜனவரியில் தரகரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் உரிமம் முடியப்போகிறது, அபராதத்தைத் தவிர்க்க உடனே 3,499 ரூபாய் கட்டுங்கள் என்று. பழைய எண் அச்சிட்ட ஒட்டுத்தாள்களில் முந்நூற்றுச் சொச்சம் அலமாரியில் மீதம் கிடந்தன. அவற்றின் பின்புறத்தில்தான் அன்றைய மளிகைக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன்.