மெர்சி தவான்ஸ்: செய்யாத உதவிக்குச் சொல்லும் நன்றியும் அதற்கான மாற்றுகளும்

பிரெஞ்சு மின்னஞ்சல்களின் கடைசி வரியில் அடிக்கடி காணப்படும் ‘மெர்சி தவான்ஸ்’, அதாவது ‘முன்கூட்டியே நன்றி’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ‘தவான்ஸ்’ என்ற இடத்தில் ‘பர் அவான்ஸ்’ என்று எழுதினாலும் பொருள் மாறாது. ஆயினும், பிரெஞ்சு வாசகர்களில் ஒரு சாரார் இதைப் படித்தவுடன் முகம் சுளிக்கிறார்கள். கேட்டவர், தம் கோரிக்கை ஏற்கப்படும் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டார் என்பது அவர்களது முதல் மனக்குறை. உதவி கிடைத்த பிறகு சொல்ல வேண்டிய நன்றியை இப்போதே சொல்லிக் கணக்கை முடித்துவிட்டார் என்பது இரண்டாவது. முதற்குறையே கனமானது என்பது என் கருத்து. ஏனெனில், நன்றியைப் பெற்றுக்கொண்ட பிறகு மறுப்பவர், ஏற்கெனவே கொடுத்த வாக்கை மீறுபவர்போல் தோன்ற நேரிடுகிறது.

ஒரு மாணவி, தம் பழைய பேராசிரியரிடம் மேற்படிப்புக்கான பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதுவதாகக் கொள்வோம். பேராசிரியருக்கு அந்தக் கடிதத்தை எழுதும் கடமை இல்லை. நேரம் இல்லை என்றோ, மாணவியை நன்கு நினைவில்லை என்றோ அவர் மறுக்கலாம். ‘என் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். மெர்சி தவான்ஸ்’ என்று மாணவி முடித்தால், அந்த மறுப்புக்கான வழி அடைபடுகிறது. ஏவல் வினையை எடுத்துவிட்டு, ‘மெர்சி து’ என்று தொடங்கி அதனுடன் வினையைச் சேர்த்து, ‘கடிதத்தை அனுப்புவதற்கு நன்றி’ என்னும் பொருளில் எழுதினாலும் நிலைமை மேம்படுவதில்லை. பொது இடங்களில் ‘புகைபிடிக்காதிருப்பதற்கு நன்றி’ என்று மாட்டப்படும் பலகைகளின் வாக்கிய அமைப்பும் இதுவே. அங்கே அது நன்றியின் உடை அணிந்த கட்டளை. ‘பியான் வூலுவார்’ என்னும் பணிவுச் சொற்களை இடையில் சேர்ப்பது ஓசையை மென்மையாக்குமே தவிர, வாக்கியத்தின் அடிப்படையை மாற்றாது.

இதற்கு நேர்மாறாக, ‘ஜு வூ ஸரே ருகொனெஸான்த்’ என்று தொடங்கி, ‘எனக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதித் தர முடியுமானால் நன்றியுடையவளாக இருப்பேன்’ என்னும் பொருளில் தொடர்ந்தால், நன்றி ஒரு நிபந்தனையைச் சார்ந்து நிற்கிறது. பிரெஞ்சின் நிபந்தனை வினைவடிவமே இங்கு வேலை செய்கிறது: செயல் நடந்தால்தான் நன்றி. பேராசிரியர் மறுக்கும் உரிமை கெடாமல் இருக்கிறது. மாணவியும் பின்னர் மனமார நன்றி சொல்லும் வாய்ப்பை இழக்கவில்லை. எழுதுபவர் ஆணாயின் ‘ருகொனெஸான்’ என்றும் பெண்ணாயின் ‘ருகொனெஸான்த்’ என்றும் ஈறு மாறுவதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குப் போட்டியாக நிற்பது ‘ஜு வூ ஸோரே க்ரே’. பொருளளவில் ஒன்றேயாயினும், அலுவலக நெடி வீசும் தொடர் இது. நகராட்சிக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ எழுதும்போது பொருந்தும். பழகிய ஆசிரியருக்கு எழுதினால் விறைப்பாகத் தெரியும். மேலும், இதில் நன்கு படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். முந்தைய தொடரின் ஓசை மனத்தில் நிற்பதால் ‘ஸரே க்ரே’ என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே வருவது ‘இருத்தல்’ என்னும் வினையன்று, ‘அறிதல்’ என்னும் வினை. ஆகவே ‘ஸோரே’ என்பதே சரி.

நன்றி என்ற சொல்லையே முன்கூட்டிப் பயன்படுத்த விரும்புவோருக்கு, ‘என் கோரிக்கைக்கு நீங்கள் அளிக்கும் கவனத்துக்கு நன்றி’ என்னும் பொருள்படும் வாக்கியம் மிகவும் ஏற்றது. எதிர்காலச் செயலுக்கு இதுவும் நன்றி சொல்கிறதே என்று கேட்கலாம். ஆனால், கடிதத்தைத் திறந்து படிப்பவர் அந்தக் கவனத்தை எப்படியும் அளித்துக்கொண்டிருக்கிறார். பரிந்துரை எழுதுவாரா என்ற கேள்வி தொடப்படாமலேயே இருக்கிறது. மாணவியின் கடிதத்துக்கு, நடுவில் நிபந்தனை வாக்கியத்தையும் இறுதியில் இதையும் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சக ஊழியரிடம் அன்றாடக் கோப்பு ஒன்றைக் கேட்கும்போது இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. அவர் அனுப்பப்போவது இருவருக்கும் தெரிந்ததே. அங்கே ‘மெர்சி தவான்ஸ்’ பெரும்பாலோரை உறுத்துவதில்லை, நீண்ட நிபந்தனை வாக்கியம்தான் அந்நியமாகத் தோன்றும்.

முறையான கடிதங்களில் ‘ஆன் வூ ருமெர்சியான்’ என்று, ‘உங்களுக்கு நன்றி கூறியவாறு’ எனத் தொடங்கும் வாக்கியத்தால் கடிதத்தை முடிப்பதும் பரவலான வழக்கம். அதையடுத்து ‘ஏற்றுக்கொள்வீராக’ என்று பெறுநரை எழுவாயாக்கும் ‘வெய்யே’ வந்தால், பெறுநரே தமக்குத் தாம் நன்றி கூறுவதுபோல் வாக்கியம் பிசகிவிடுகிறது. எழுதுபவரை எழுவாயாகக் கொண்ட ‘ஜு வூ பிரி’, அதாவது ‘வேண்டுகிறேன்’, தொடர்ந்தால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் முன்கூட்டி நன்றி கூறும் குறை அப்போதும் நீங்குவதில்லை.