மோசடிக்கு ஓர் உதாரணம்கூட கையில் இல்லாமல்: பால் கணக்கில் ஐசொலேஷன் ஃபாரஸ்ட், இரண்டரை வருட அனுபவம்

குப்பம், வி.கோட்டா, பலமனேர் சுற்றிலும், இந்தப் பக்கம் பேரணாம்பட்டு வரைக்கும் 42 சென்டர்களில் பால் எடுக்கிற ஒரு தனியார் பால் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதம் ஏறக்குறைய 2,800 பேர் பால் ஊற்றுகிறார்கள். காலை, மாலை என்று தினம் இரண்டு ஷிஃப்ட். ஆந்திரப் பக்கத்துச் சென்டர்களிலும் பாதிக்குப் பாதி தமிழ் வீடுகள்தான், ரசீது மட்டும் தெலுங்கில் வரும்.

சென்டரில் பாலை அளந்து பதிகிற ஏஜென்ட் யாராவது கணக்கில் விளையாடுகிறாரா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். "இதற்கு முன்னால் பிடிபட்டவை எவை?" என்று கேட்டேன். பதிவு எதுவும் இல்லை. சிலரை வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறார்கள், ஆனால் எந்த ஷிஃப்ட், எந்த எண் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மோசடி இது, நல்ல கணக்கு இது என்று குறித்த வரிசைகள் இருந்தால்தான் வழக்கமான மாடலைப் பழக்க முடியும். அது இல்லாததால், உதாரணம் கேட்காமல் ஒதுங்கி நிற்கும் வரிசைகளைக் காட்டும் ஐசொலேஷன் ஃபாரஸ்டுக்கு வந்தேன்.

2008இல் லியு, டிங், ஜௌ மூவரும் கொண்டுவந்த முறை இது. கருத்து எளிது. தரவிலிருந்து 256 வரிசைகளை எடுத்து, லிட்டர், கொழுப்பு போன்ற ஏதோ ஒரு பத்தியை, ஏதோ ஓர் இடத்தில், திரும்பத் திரும்ப வெட்ட வேண்டும். "கொழுப்பு 7.2க்கு மேலா?" என்று ஒரு வெட்டு, "லிட்டர் 3க்குக் கீழா?" என்று இன்னொரு வெட்டு. கூட்டத்தின் நடுவில் இருக்கும் வரிசையைத் தனியாகப் பிரிக்க நிறைய வெட்டு வேண்டும், ஒதுங்கி நிற்பது மூன்று நான்கு வெட்டிலேயே தனியாகிவிடும். இப்படி வெட்டி முடித்த ஒரு தொகுப்புதான் ஒரு மரம். 256 வரிசைக்குச் சராசரி எதிர்பார்ப்பு சுமார் 10.25 வெட்டு. ஒரு வரிசை பல மரங்களில் சராசரியாக 4 வெட்டில் பிரிந்தால் அதன் மதிப்பெண் 2 அடுக்கு மைனஸ் 4/10.25, அதாவது 0.76. சரியாகச் சராசரியில் பிரிந்தால் 0.5. பைதானின் scikit-learn நூலகத்திலிருந்து `IsolationForest`ஐ எடுத்துக்கொண்டால் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```python
m = IsolationForest(n_estimators=300, max_samples=256, random_state=7)
m.fit(X)
score = -m.score_samples(X)
```

இந்த மூன்று வரி இரண்டரை வருடமாக மாறவே இல்லை. `contamination` பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். அது சந்தேகத்துக்கும் நல்லதுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது என்பதை மட்டும்தான் மாற்றும், வரிசைக்கிரமத்தை மாற்றாது. எங்கள் சூப்பர்வைசர்கள் மாதம் இருபது வீட்டுக்குத்தான் போக முடியும். அதனால் மேலிருந்து பதினைந்தை எடுத்துக்கொள்கிறேன், மீதி ஐந்து எதற்கு என்று பிறகு சொல்கிறேன். கோடு தேவைப்படவில்லை. மாறியதெல்லாம் அந்த `X`, அதாவது உள்ளே கொடுக்கும் அட்டவணைதான். சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

முதல் மூன்று மாதம் ஒவ்வொரு ஊற்றலையும் ஒரு வரிசையாகக் கொடுத்தேன்: லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பல்லாத திடப்பொருள் அளவு, நேரம். பட்டியலின் உச்சியில் வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். எருமைப் பால் 8.1 கொழுப்பு ஒன்று. கன்று ஈன்ற சில நாளிலேயே பால் கொண்டுவந்து, எஸ்.என்.எஃப். எகிறிய வீடு ஒன்று. கல்யாண வீட்டுக்கு எடுத்து வைத்தது போக அரை லிட்டர் ஊற்றியவர் ஒருவர். சூப்பர்வைசர் அண்ணா ஒவ்வொரு வீடாகப் போய்விட்டு வந்து, "தம்பி, நீ அனுப்புற வீட்டுல எல்லாம் நெஜமா மாடு இருக்குது" என்றார்.

மோசடி எப்படி நடக்கும் என்று அவரிடமே உட்கார்ந்து கேட்ட பிறகுதான் தவறு புரிந்தது. ஒரு சென்டரில் 110 பேர் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் 100 மில்லி குறைத்து எழுதுகிறார். 4.6 லிட்டர் 4.5 ஆகிறது, யாரும் கேட்பதில்லை. ஒரு ஷிஃப்டுக்கு 11 லிட்டர் மிச்சம். அதை மூன்று போலிப் பெயர்களில், ஆளுக்கு மூன்றரை நான்கு லிட்டராகப் பதிகிறார். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் மாதம் 23,000 ரூபாய்க்கு மேல். குளிரூட்டும் நிலையத்தில் மொத்த லிட்டரும் மொத்தக் கொழுப்பும் அப்படியே ஒத்துப்போகும், ஏனென்றால் பால் உண்மையிலேயே கேனில் இருக்கிறது. அதனால் சென்டர் அனுப்பியதையும் நிலையம் பெற்றதையும் எத்தனை முறை சரிபார்த்தாலும் சிக்காது.

இதில் முக்கியமானது ஒன்று. அந்த 11 லிட்டர் எல்லார் பாலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தது. ஆகவே அதன் கொழுப்பு சென்டரின் சராசரியாகத்தான் இருக்கும். போலி வரிசையில் 3.7 லிட்டர், 4.2 கொழுப்பு என்று இருக்கும், அதாவது கூட்டத்தின் நட்டநடுவில். ஐசொலேஷன் ஃபாரஸ்ட் அதற்கு 0.42 கொடுக்கும். நேர்மையான எருமைக்காரருக்கு 0.7 கொடுக்கும். முறையில் கோளாறு இல்லை. ஒதுங்கி நிற்பதைக் காட்டு என்றோம், காட்டியது.

அதனால் வரிசையை மாற்றினேன். ஓர் ஊற்றல் ஒரு வரிசை என்பதை விட்டு, ஓர் உறுப்பினரின் ஒரு மாதம் ஒரு வரிசை. உண்மையான மாடு எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்துப் பத்திகளை அமைத்தேன். ஓரிரண்டு மாடு வைத்திருப்பவருக்குக் கொழுப்பு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் 0.2, 0.3 ஏறி இறங்கும். இரவு இடைவெளி நீளம் என்பதால் காலையில் பால் அதிகம், கொழுப்பு குறைவு, மாலையில் தலைகீழ். வீட்டில் விசேஷம், காய்ச்சல் என்று மாதத்தில் சில ஷிஃப்ட் விடுபடும். தராசு 4.37 என்றும் காட்டும், 4.5 என்றும் காட்டும். போலிப் பெயருக்கு இவை எதுவும் இராது. ஆகவே கொழுப்பின் சிதறல், காலை-மாலை கொழுப்பு வித்தியாசம், விடுபட்ட ஷிஃப்ட், அரை லிட்டர் முழு லிட்டரில் முடியும் பதிவுகளின் பங்கு, மெஷின் இல்லாமல் கையால் போட்ட பதிவுகளின் பங்கு, ஷிஃப்டின் கடைசி ஐந்து பதிவுகளில் வந்த பங்கு, இந்த ஆறு மட்டும். இருபது பத்தி வைத்தும் பார்த்தேன். வெட்டுகள் பயனில்லாத பத்திகளில் விழுந்து மதிப்பெண் எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிட்டது.

ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அந்தச் சென்டரின் இடைநிலை மதிப்பைக் கழிக்க வேண்டும். ஒரு சென்டரில் பரிசோதனை மெஷின் ஒன்பது நாள் பழுதாகி, எல்லாருக்கும் கையால் போட்டார்கள். கழிக்காமல் ஓட்டிய அந்த மாதம் அந்த ஊரே பட்டியலில் வந்து நின்றது. ஆனால் கழித்தால் இன்னோர் ஆபத்து, சென்டர் முழுவதும் கெட்டிருந்தால் அது மறைந்துவிடும். அதற்காகச் சென்டர்களை மட்டும் ஒப்பிட 42 வரிசையில் தனி அட்டவணை வைத்திருக்கிறேன். அதற்கு மாடல் வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

இந்த மாற்றத்துக்குப் பிறகு வந்த முதல் பட்டியலில் முதல் ஐந்தில் மூன்று உறுப்பினர் எண்கள் ஒரே சென்டர். சூப்பர்வைசர் அண்ணா சொல்லாமல் கொள்ளாமல் காலை ஐந்தரைக்குப் போய், டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து கேனோடு வருகிறவர்களை எண்ணினார். 107 பேர். ஷிஃப்ட் முடிந்து ரசீதுச் சுருளை வாங்கிப் பார்த்தால் 110. கடைசி மூன்றும் ஒரு நிமிடத்துக்குள் பதிவானவை. மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க எண்ணைக் காட்டச் சொன்னதற்கு ஏஜென்டிடம் பதில் இல்லை.

அடுத்து நடந்ததை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. வி.கோட்டா பக்கத்தில் 14 கறவை மாடு வைத்திருக்கும் ஒரு வீடு இரண்டாவது மாதம் உச்சியில் வந்தது. கொழுப்பின் சிதறல் மிகக் குறைவு. அலுவலகத்தில் என் பட்டியலைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அவர்கள் பில்லை ஒரு தவணை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்து, "எங்க பாலு ஒரே மாதிரி இருக்கறது தப்பா தம்பி?" என்று கேட்டார். தப்பே இல்லை. 14 மாட்டுப் பால் ஒரே கேனில் கலந்தால் ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று சமன்செய்து, ஒற்றை மாட்டின் சிதறலில் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. அன்றிலிருந்து சிதறலை அதே அளவு லிட்டர் ஊற்றுகிறவர்களோடு மட்டும் ஒப்பிடுகிறேன். நேரில் போய்ப் பார்க்காமல் யாருடைய பில்லும் நிற்கக்கூடாது என்றும் எழுதி வாங்கிவிட்டேன். பட்டியலில் மதிப்பெண்ணைக் காட்டுவதையும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்தப் பத்தியில் எவ்வளவு விலகல் என்று ஒரு வாக்கியம்தான் இருக்கும்.

மோசடி எது என்று குறித்த லேபிள் இல்லாமல் இது வேலை செய்கிறது என்று எப்படித் தெரியும்? இரண்டு வழி வைத்திருக்கிறேன். இருபது வீட்டுப் பட்டியலில் ஐந்து வீடு குலுக்கலில் எடுத்தவை, எவை என்று சூப்பர்வைசருக்குத் தெரியாது. குலுக்கல் வீடுகளிலும் அதே அளவு கோளாறு கிடைத்தால் மாடலால் பயனில்லை என்று பொருள். இரண்டாவது, நானே போலி செய்வது. ஒரு நல்ல சென்டரின் ஒரு மாதக் கணக்கை எடுத்து, எல்லாரிடமும் 100 மில்லி குறைத்து, மூன்று போலிப் பெயர்களை உருவாக்கி, 2,800 பேருக்குள் கலந்துவிட்டு எத்தனையாவது இடத்தில் வருகின்றன என்று பார்ப்பேன். பழைய ஊற்றல் முறையில் அவை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தன. மாத வரிசையில் முதல் பதினைந்துக்குள் வந்தன. வெட்டுகளின் குலுக்கலைத் தீர்மானிக்கும் `random_state`ஐப் பத்து முறை மாற்றி ஓட்டி, முதல் இருபது பெரிதாக மாறவில்லை என்பதையும் பார்த்துக்கொள்கிறேன். நூறு மரத்தில் ஆட்டம் இருந்தது, முந்நூறில் அடங்கியது.

எல்.ஓ.எஃப்., அதாவது லோக்கல் அவுட்லையர் ஃபேக்டர் முறையையும் ஆறு மாதம் கூடவே ஓட்டினேன். பக்கத்து வரிசைகளின் அடர்த்தியோடு ஒப்பிடுவதால், ஒப்பிடும் அண்டை வரிசைகளின் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது, மூன்று போலிகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடுகின்றன. அந்த எண்ணிக்கையை இறக்க இறக்க இன்னும் மோசம். விட்டுவிட்டேன்.

இரண்டாம் வருடம் ஏஜென்டுகள் கற்றுக்கொண்டார்கள். கொழுப்பை 4.0, 4.4, 4.1 என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள், லிட்டரையும் 3.63, 3.81 என்று எழுதினார்கள். சிதறல் பத்தி செத்துவிட்டது. ஆனால் காலை-மாலை வித்தியாசத்தை யாரும் யோசிக்கவில்லை, அவர்களுடைய எண்கள் இரண்டு ஷிஃப்டிலும் ஒரே அளவில் ஆடின. இப்போது அதிகம் சிக்குவது அந்த ஒரு பத்தியால்தான்.

சிக்காதது ஒன்று உண்டு. ஏஜென்ட் தன் சொந்தக்காரரின் உண்மையான மாட்டுப் பாலோடு இரண்டு லிட்டரைக் கூட்டி எழுதினால் சிதறலும் இருக்கும், காலை-மாலை வித்தியாசமும் இருக்கும், விடுபட்ட ஷிஃப்டும் இருக்கும். அப்படிச் செய்த போலிகளை நானே கலந்து பார்த்தேன், நானூறாவது இடத்துக்குக் கீழேதான் வந்தன. அதற்கு மாட்டின் எண்ணிக்கைக்கும் லிட்டருக்கும் உள்ள பொருத்தம் வேண்டும். காது எண்களைச் சென்டர்வாரியாகச் சேகரிக்க ஆரம்பித்திருக்கிறோம். இதுவரை ஏழு சென்டர் முடிந்திருக்கிறது.