மூலம் உண்டு என்பதும் அதைக் கண்டுபிடிப்பதும்

தக்கலையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பிள்ளை, x⁵ − x − 1 = 0 என்று எழுதிவிட்டு, "சார், இதுக்கு மூலம் உண்டா?" என்று கேட்டாள். இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் உண்டு என்கிறது: சிக்கலெண்களில் சரியாக ஐந்து. எங்கே என்று மட்டும் சொல்லாது.

சரி, தேடுவோம். இதற்கு வர்க்கமூலம், கனமூலம் வைத்த சூத்திரம் கிடையாது. ஓர் எண்ணில் தொடங்கி, படிப்படியாகத் திருத்தி மூலத்தை நெருங்கும் நியூட்டன் முறைதான். 1-ல் தொடங்கினால் 1.25, 1.1785, 1.1675, அப்புறம் 1.1673, அங்கேயே நிலைக்கிறது. 0-வில் தொடங்கினால் −1, −0.75, 0.087, மறுபடி −1-க்கு அருகே. அந்த மூன்றையே சுற்றுகிறது. மூலம் இல்லாததால் அல்ல, தொடங்கிய இடம் தவறு. மூன்று படிக்கொருமுறை கிட்டத்தட்ட அதே எண் வந்தால் இடத்தை மாற்றுங்கள். மற்ற நான்கும் மெய்யல்லாத சிக்கலெண்கள். மெய்யெண்ணில் தொடங்கினால் அவை ஒருபோதும் அகப்படாது.